பெயர் எழுதாத போத்தல்: பிள்ளையின் காது நோ பற்றி

யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது, நிறை 10 கிலோ. தடிமன் வந்து ஐந்தாம் நாள், விட்டிருந்த காய்ச்சல் திரும்பி வந்தது. இரவில் படுக்கப் போட்டால் வீரிட்டு அழுவாள், தோளில் நிமிர்த்திப் பிடித்தால் அடங்குவாள். பால் குடிக்கவில்லை, காதை இழுத்துக்கொண்டே இருந்தாள். காதை இழுப்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம், பல் முளைக்கும் பிள்ளையும் இழுக்கும். தடிமனுக்குப் பிறகு படுத்தால் அழுவதுதான் எனக்கு உறுத்தியது.

அருகிலுள்ள தனியார் இடமொன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், தொண்டை பார்த்தார். காதுக்குள் பார்க்கவேயில்லை. லேபல் இல்லாத ஒரு போத்தல் தந்தார்கள். பெயர் கேட்டேன். "அன்டிபயோடிக் தான், நல்ல மருந்து" என்றார்கள். கூடவே பனடோல் சிரப், இரண்டரை மில்லிலீற்றர்.

மூன்றாம் நாள் போத்தல் முடிந்தது, அழுகை முடியவில்லை. அன்று விடியத் தலையணையில் மஞ்சளாய் ஒரு ஈரம். பிள்ளை ஆச்சரியமாய் அமைதியாகத் தூங்கினாள். அம்மம்மா வெள்ளைப்பூடு காய்ச்சிய எண்ணெய் விடச் சொன்னா. நல்லகாலம், விடவில்லை.

குழந்தை வைத்தியர் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். இரண்டு காதிலும் நடுச்செவியில் சீழ், ஒன்றில் செவிப்பறை கிழிந்து வடிந்திருந்தது. அழுத்தம் குறைந்ததால்தான் நோவும் குறைந்ததாம். அந்தத் துளை பெரும்பாலும் தானே மூடும், அதுவரை எண்ணெயோ தண்ணீரோ போகக் கூடாது.

முதலில் அவர் கேட்டது போத்தலின் பெயரை. அமொக்சிசிலின்தான் வழமையான முதல் மருந்து. ஆனால் ஒரு மாதத்துக்குள் அதையே குடித்திருந்தால் வேறு கொடுக்க வேண்டியிருக்கும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எல்லாக் காது நோவுக்கும் அன்டிபயோடிக் தேவையில்லை என்றும் சொன்னார். பெரும்பாலானவை இரண்டு மூன்று நாளில் தானே குறையும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் வந்தது, காது வடிவது, கடும் நோ அல்லது 39 பாகைக்கு மேல் காய்ச்சல், இவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். மற்றப்படி நோவை அடக்கிக்கொண்டு கவனிக்கலாம்.

நோவுக்குக் கொடுத்த பனடோலின் அளவும் எங்களுக்குப் பிழைத்திருந்தது. பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 10 கிலோ பிள்ளைக்கு ஏறத்தாழ 6 மில்லிலீற்றர், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் இல்லை. மூன்று நாளும் பாதிகூடக் கொடுக்கவில்லை, அதுதான் அவ்வளவு அழுகை. ஐபுபுரூபன் கேட்டேன், டெங்கு இல்லையென்று தெரியும்வரை வேண்டாம் என்றார்.

காதுக்குப் பின்னால் வீங்கிக் காது முன்னுக்குத் தள்ளினால், பிள்ளை சோர்ந்து எழும்பாமல் கிடந்தால், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார்.

இப்போது சுகம். நடுச்செவி நீர் வற்ற சில கிழமை எடுக்கும் என்பதால், கேட்கும் திறனைப் பார்க்கத் திரும்பக் காட்டச் சொல்லியிருக்கிறார். அந்த வெறும் போத்தலைக் கழுவாமல் வைத்திருக்கிறேன்.