போட்டோல துணி மாத்தித் தரேன்னு வர்றவங்ககிட்ட உஷார்

ஆன்லைன்ல குர்தி விக்கிறவங்க கவனிங்க, "ஒரு போட்டோ குடுங்க, எத்தனை டிசைன் வேணாலும் ஏஐல மாத்தித் தரேன், ஷூட் செலவே இல்ல"ன்னு ஒருத்தர் வந்தாரு, பாதி காசு அட்வான்ஸ் வாங்கிட்டு எங்கள நல்லா ஏமாத்திட்டாரு.

நாங்க குடுத்தது கறுப்பு வெள்ளை கட்டம் போட்ட ஏ-லைன் குர்தி, இடுப்புக்குக் கீழ நல்லா மடிப்பு விழுந்திருக்கும். கேட்டது அதே போட்டோல கலம்காரி. மொதல்ல வந்த படத்துல மாடல் இடுப்பு சின்னதாகி, குர்தி நேரா தொங்குது, மடிப்பே இல்ல, சுவத்துல ஒட்டின வால்பேப்பர் மாதிரி பிரிண்ட் தட்டையா கெடக்கு. சத்தம் போட்டதும் ரெண்டாவது அனுப்பினாரு, இப்ப உடம்பு ஷேப் கரெக்ட், ஆனா பூவுக்கு நடுவுல பழைய கட்டம் லேசா தெரியுது. கேட்டா "ஏஐ-னா அப்படித்தான் மேடம்"ங்கறாரு.

அப்படியெல்லாம் இல்லையாம். இந்த வேலையே பண்ற எங்க அத்தை பையன் பாத்துட்டு, ஏஐக்கு ஷேப் காட்டறதுக்கு போட்டோலேர்ந்து மேப்னு ஒரு படம் எடுப்பாங்க, அத அந்த ஆள்கிட்ட கேளுக்கான்னான். வந்ததப் பாத்தா கறுப்புல வெள்ளை கோடு, ஃபுல்லா கட்டம்! மொத தடவ மேப்ப பாத்து ஏஐய வரைய வைக்கிற கன்ட்ரோல்நெட்டே போடல, ரெண்டாவது தடவ வெறும் கோடு மட்டும் எடுக்கற கேனி மேப்ப, அத அப்படியே கேக்கற மாதிரி முழு வெயிட்டுல போட்டிருக்காரு. கேனிக்கு மடிப்பா பிரிண்டான்னு தெரியாது, வெளிச்சம் சட்டுனு மாறுற எடத்துல எல்லாம் கோடு போடும், எவ்ளோ மாறினா கோடுன்னு சொல்ற த்ரெஷோல்டை ஏத்தினா மங்கலான கோடு போகும், ஆனா கறுப்பு வெள்ளை கட்டம் எங்க போகும்.

டெப்த் மேப்னா எது கிட்ட எது தள்ளின்னு மட்டும்தான் பாக்கும், அதனால கட்டம் அதுல பெருசா விழாது, உடம்பு அவுட்லைனும் பெரிய மடிப்பும் அப்படியே நிக்கும். சின்ன சுருக்கம் மட்டும் வழவழன்னு அழிஞ்சிடும். அதுக்கு அவன் பண்ணது, டெப்த் 0.8 வெயிட், கூடவே கேனி மேப்ல கட்டத்து கோட்ட எல்லாம் கறுப்பு பிரஷ்ல அழிச்சு மடிப்புக் கோட்ட மட்டும் விட்டு 0.4ல போட்டு, ஏஐ படம் வரையற ஸ்டெப்ல பாதியிலயே கேனிய நிறுத்திட்டான். கட்டம் போச்சு, சுருக்கம் இருக்கு. கேனிய ரொம்ப ஏத்தினா மடிப்பு பேனாவுல கோடு போட்ட மாதிரி ஆயிடுமாம்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சாம்பிளும் அதோட மேப்பும் கேளுங்க, சாம்பிள ஒரிஜினல் மேல பாதி ட்ரான்ஸ்பரன்ட்டா வச்சுப் பாருங்க, தோள், இடுப்பு, கீழ் ஓரம் நகந்திருந்தா வேணாம்னுடுங்க. ஷூட்டுக்கு ப்ளெயின் துணி போட்டா பாதி தலைவலி கொறையும்.

இன்னொன்னு, மேப் எவ்ளோ நல்லா இருந்தாலும் அது ஷேப்புக்குத்தான், பூ டிசைன ஏஐ அதுவா வரையுது, உங்க ஸ்டாக்ல இருக்கற பிரிண்ட் இல்ல அது. இதையும் அந்த ஆளு சொல்லல. அட்வான்ஸ் இன்னும் வரல, போனும் எடுக்கறதில்ல.