மனவோட்டவரையில் நிறம்: கிளைக்கு ஒன்றா, கேள்விக்கு ஒன்றா?

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது பட்டர்வொர்த்தில் எங்கள் டியூஷன் வகுப்புச் சுவரெல்லாம் மனவோட்டவரை தீட்டிய பெரிய மாஜோங் தாள்களாகிவிடும். நடுவில் தலைப்பு, சுற்றிலும் கிளைகள் என்பதில் மாணவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. நிறம் தீட்டுவதில்தான் இரண்டு முறைகள் மோதுகின்றன. ஒன்று, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிறம். மற்றொன்று, ஒவ்வொரு கேள்வி வகைக்கும் ஒரு நிறம். அந்த நிறம் எந்த அத்தியாயத்திலும் மாறக்கூடாது.

வரலாற்றுப் பாடத்தில், மலாய் மாநிலங்களை ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவர பிரிட்டிஷார் அமைத்த மலாயன் யூனியனை எடுத்துப் பார்ப்போம். முதல் முறையில் நடுத்தலைப்பிலிருந்து ஐந்து கிளைகள் போகும்: பிரிட்டிஷார் அதை ஏன் அமைத்தார்கள், அதன் அம்சங்கள், மலாய்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள், எப்படி எதிர்த்தார்கள், என்ன விளைந்தது. கையில் கிடைத்த மார்க்கரில் கிளைக்கொரு நிறம் கொடுத்தால் போதும். வரைவது வேகம். ஐந்தும் தனித்தனியாகக் கண்ணில் பதியும். அந்த ஒரு போஸ்டரை மட்டும் பார்த்தால் இதில் குறையே சொல்ல முடியாது.

அடுத்த அத்தியாயத்தின் போஸ்டரைப் பக்கத்தில் ஒட்டும்போதுதான் பிரச்சினை தெரியும். இங்கே ஊதா என்றால் விளைவு, அங்கே ஊதா என்றால் தலைவர்கள். ஆக, நிறத்துக்கு நிலையான பொருள் இல்லாமல் போகிறது. தேர்வில் "ஏன்" என்று கேட்டிருக்கும்போது பையன் "எப்படி" என்பதற்கு விடை எழுதிவிட்டு வருவான். வரலாற்றில் மதிப்பெண் பறிபோகும் இடங்களில் இது முக்கியமானது.

இரண்டாம் முறையில் எல்லா அத்தியாயத்திலும் காரணம் பச்சை, அம்சங்கள் நீலம், நடவடிக்கை ஆரஞ்சு, விளைவு ஊதா. ஆண்டும் பெயரும் எந்தக் கிளையில் வந்தாலும் சிவப்பு. இப்போது மலாயன் யூனியன் மனவோட்டவரையில் 1946 ஏப்ரல் 1, ஹெரால்டு மெக்மைக்கேல், எட்வர்ட் ஜெண்ட், 1948 பிப்ரவரி 1 எல்லாம் சிவப்பில் நிற்கும். வெள்ளைத் தாளை எடுத்து, பச்சைப் பேனாவால் மட்டும் எழுது என்று சொன்னால் மாணவன் காரணங்களை மட்டும் நினைவிலிருந்து எடுக்கிறான். எது வரவில்லையோ அதுதான் அவன் படிக்க வேண்டியது. இந்தச் சோதனைக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது. நிர்வாகத்தை ஒன்றாக்கிச் செலவைக் குறைப்பது பிரிட்டிஷாரின் காரணம். சுல்தான்களின் அதிகாரம் பறிபோனதும், பிறருக்குக் குடியுரிமை எளிதாகக் கிடைக்கவிருந்ததும் மலாய்க்காரர்கள் எதிர்த்ததற்கான காரணங்கள். இரண்டுமே பச்சை. ஆகவே மாணவர்கள் ஒன்றின் கருத்தை மற்றதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். நிறத்தைக் கூட்டினால் இது தீராது. நிறம் பெருகப் பெருக எது எதற்கு என்பதே மறந்துபோகும். இடத்தால் பிரிக்க வேண்டும். பிரிட்டிஷார் செய்தது எல்லாம் தலைப்புக்கு இடப்பக்கம், மலாய்க்காரர்கள் செய்தது எல்லாம் வலப்பக்கம். சொங்கோக் தொப்பியில் வெள்ளைத் துணி கட்டித் துக்கம் காட்டியதும், 1946 மே மாதம் அம்னோ கட்சி தோன்றியதும் வலப்பக்கத்தில் தங்களுக்குரிய கிளைகளில் உட்காரும். நிறம் கேள்வியைச் சொல்லும், பக்கம் யாருடையது என்பதைச் சொல்லும்.

உயிரியலுக்கு வந்தால் என் முடிவு தலைகீழ். இரத்த ஓட்டத்தில் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் சிவப்பு, குறைந்தது நீலம் என்று பாடநூல் படங்களே வழக்கமாக்கிவிட்டன. அங்கே போய் நீலம் என்றால் அம்சம் என்று வைத்தால் இரண்டு அர்த்தங்கள் முட்டிக்கொள்ளும். அறிவியல் அத்தியாயங்கள் காரணம், விளைவு என்று ஒரே அச்சில் வருவதும் இல்லை. அங்கே கிளைக்கு ஒரு நிறமே போதும்; படத்துக்குள் மட்டும் பாடநூலின் நிறம்.

எந்த முறையாக இருந்தாலும் மஞ்சளை எழுத்துக்கு எடுக்காதீர்கள்; வெள்ளைத் தாளில் நான்கடி தள்ளி நின்றால் வாசிக்க முடியாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறியச் சிரமப்படும் பையன்கள் உண்டு. அவர்களுக்குப் பச்சைக்குப் பதில் கறுப்பு கொடுங்கள். அப்புறம், வரலாற்றுத் தேர்வை மலாயில் எழுதுவதால் கிளைமேல் எழுதும் சொற்களும் மலாயிலேயே இருக்கட்டும். கெடாவுலாத்தான் என்று போஸ்டரில் பார்த்துப் பழகியவன் தேர்வு மண்டபத்தில் இறையாண்மைக்கு மலாய்ச் சொல் தேடி நிற்க மாட்டான்.