கைக்குழந்தையுடன் நான்கு நெடும்பயணங்கள்: எட்டு மாத அனுபவம்

மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது முதல் பயணம். பதினொன்றாம் மாதத்தில் நான்காவது. எல்லாமே காரில், ஒவ்வொன்றும் நானூறு கிலோமீட்டருக்கு மேல். கணவர் ஓட்டினார், நான் பின்னால் குழந்தைக்குப் பக்கத்தில். தாய்ப்பால்தான் முக்கிய உணவு, நாளுக்கு ஓரிரு முறை புட்டிப்பால்.

முதல் பயணத்தை நாங்கள் தூரத்தை வைத்துத் திட்டமிட்டோம். நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்துவது, கால் மணி நேரத்தில் கிளம்புவது என்று கணக்கு. குழந்தையின் வயிறு கிலோமீட்டர் பார்க்குமா? எண்பதாவது கிலோமீட்டரில் அழத் தொடங்கினாள். நிறுத்த இடம் தேடும் பதற்றத்தில் நான் செய்த காரியம் இன்னும் உறுத்துகிறது: ஓடும் காரிலேயே என் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழந்தை இருக்கையின் மேல் குனிந்து பாலூட்டினேன். திடீரென்று பிரேக் போட்டிருந்தால் என் முழு எடையும் அவள் மேல்தான் விழுந்திருக்கும். சாய்ந்த நிலையில் புட்டியை வாயில் கொடுத்தாலும் புரையேறும் ஆபத்து உண்டு. ஓட்டுபவர் திரும்பிப் பார்த்து உதவவும் முடியாது. அதன்பின் ஒருமுறைகூட வண்டி ஓடும்போது ஊட்டியதில்லை.

இரண்டாம் பயணத்திலிருந்து பசியை வைத்துத் திட்டமிட்டோம். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். ஒரே மூச்சில் ஓட்டினால் ஏழே கால் மணி நேரத்தில் முடிகிற பாதை அது. காலை 5 மணிக்கு வீட்டில் பாலூட்டி, ஏப்பம் எடுக்க வைத்து 5.30க்குக் கிளம்பினோம். 7.20க்கு முதல் நிறுத்தம், அதன்பின் 9.55, 12.45, 3.05. எந்த நிறுத்தமும் ஐம்பது நிமிடத்துக்குக் குறையவில்லை. டயப்பர் மாற்றப் பத்து நிமிடம், பாலூட்ட இருபது, நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் எடுக்கப் பத்து, மிச்ச நேரம் விரிப்பில் மல்லாந்து கைகால் உதைக்க. இடையில் 11.25க்கு மலம் கசிந்து திட்டமிடாத ஒரு நிறுத்தம், இருபத்தைந்து நிமிடம். போய்ச் சேர்ந்தது மாலை 4.30. ஆக, ஏழே கால் மணி நேரப் பாதைக்குப் பதினொரு மணி நேரம். இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டதால்தான் வண்டிக்குள் சண்டை வரவில்லை. ஐந்து மாதக் குழந்தைக்கு இதுவே அதிகம். இரண்டு நாளாகப் பிரிக்க முடிந்தால் பிரித்துவிடுங்கள். மூன்றாம் பயணத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

7.20க்கு நிறுத்தியபோது அவள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். தூங்கும் குழந்தையை எழுப்புவானேன் என்று கணவர் தயங்கினார். ஆனால் சாய்ந்த இருக்கையில் நெடுநேரம் இருந்தால் சின்னக் குழந்தையின் தலை முன்னால் சரிந்து, மோவாய் மார்பில் முட்டி, மூச்சுக்குழல் ஒடுங்கக்கூடும். அதனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சமதளத்தில் கிடத்துவது எங்கள் விதி, தூங்கினாலும் சரி. போய்ச் சேர்ந்த பிறகு இருக்கையோடு தூக்கி உள்ளே வைத்துத் தூங்க விடும் வேலையும் கிடையாது.

ஒரு சிறிய வரிசை விஷயம். டயப்பரை முதலில் மாற்றுங்கள், பாலை அப்புறம் கொடுங்கள். குடித்த கையோடு காலைத் தூக்கினால் வயிறு அழுந்திக் கக்கிவிடுகிறார்கள். பசியில் வீறிடும்போது மட்டும் விதிவிலக்கு.

புட்டிப்பாலிலும் தொடக்கத்தில் தவறு செய்தோம். முதல் பயணத்தில் வீட்டிலேயே கலந்து எடுத்துப்போனேன். மூன்று மணி நேரம் கழித்து அவ்வளவையும் கொட்ட வேண்டியதாயிற்று. கலந்த பால் வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை வாய் வைத்த மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. இப்போது ஒரு வேளைக்குரிய பொடியை அளந்து சிறு டப்பாக்களில் உலர்வாகவும், கொதித்த தண்ணீரை ஃபிளாஸ்க்கிலும் கொண்டுபோகிறேன். பால்பொடி கிருமியற்றதல்ல என்பதால் கலக்கும் நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. எங்கள் ஃபிளாஸ்க் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பயணத்துக்கு முன்பே வெப்பமானி வைத்துப் பார்த்தேன்: ஐந்து மணி நேரம். அதற்கு மேல் புதிதாகக் கொதிக்க வைத்த நீர்தான். கலந்த புட்டியைக் குளிர்ந்த நீருள்ள கிண்ணத்தில் நிற்க வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்த பிறகே கொடுப்பேன். இதற்கு ஆகும் ஐந்து நிமிடம் அழுகைக்கு நடுவே அரை மணி நேரமாகத் தெரியும். ஆகவே நிறுத்தியதும் முதல் வேலை புட்டி கலப்பது.

மூட்டை கட்டுவதில் நான் கற்றது ஒன்றுதான்: பொருள் வகைப்படி அடுக்காமல் நிறுத்தத்தின்படி அடுக்க வேண்டும். முதல் முறை டயப்பர் ஒரு பையில், துணி இன்னொன்றில், ஈரத்துடைப்பான் எங்கோ அடியில். இப்போது என் காலடியில் ஒரே ஒரு சிறிய பை. இரண்டு டயப்பர், மடித்த விரிப்பு, துடைப்பான், ஒரு மாற்றுடை, அழுக்குக்கு இரண்டு பிளாஸ்டிக் பை, எனக்கு ஒரு மாற்றுச் சட்டை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும் முன் டிக்கியில் உள்ள பெரிய பையிலிருந்து தீர்ந்ததை நிரப்பிவிடுவோம். என் சட்டையைச் சேர்த்தது அந்த 11.25 நிறுத்தத்துக்குப் பிறகு. உட்கார்ந்த நிலையில் மலம் கீழே போக வழியின்றி முதுகுப் பக்கம் ஏறுகிறது. அதனால் இடுப்புப் பட்டி உயரமாக உள்ள டயப்பரையே பயணத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

சௌகரியத்துக்கென்று வாங்கியவற்றில் பாதியைக் கழற்றி எறிந்தாயிற்று. கழுத்துத் தலையணை தலையை முன்னால் தள்ளியது. கனத்த மேலுடை போட்டுப் பட்டையை இறுக்கியபோது இறுக்கமாகத்தான் தெரிந்தது. மேலுடையைக் கழற்றியதும் பட்டை தளர்ந்து தொங்கியது. இப்போது மெல்லிய உடை, பட்டை இறுக்கம், குளிரெடுத்தால் அதன் மேல் போர்வை. தோள் பட்டையை இரு விரலால் நீளவாக்கில் கிள்ளிப் பார்ப்பேன். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். இருக்கை பின்பக்கம் பார்த்தே இருக்கிறது, இன்றுவரை. காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் அதை வைக்கவே கூடாது.

வெக்கையை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். எங்களுக்கு ஏசி குளிர்ந்தது. திரும்பி அமர்ந்த இருக்கைக்குள் காற்றே போகவில்லை. பிடரியைத் தொட்டபோது வியர்வை. கைகால் சில்லென்று இருப்பதை நம்பாதீர்கள், பிடரியையும் மார்பையும் தொட்டுப் பாருங்கள். வெயிலுக்கு ஜன்னலில் மறைப்பு போடலாம்; இருக்கையைத் துணியால் மூடினால் உள்ளே வெப்பம் தேங்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயிலென்று தண்ணீர் கொடுக்கக் கூடாது, பாலைத்தான் அடிக்கடி கொடுக்க வேண்டும். அன்று டயப்பர் வழக்கத்தைவிட உலர்ந்திருந்ததைப் பார்த்து ஒரு நிறுத்தத்தைக் கூட்டினோம்.

பதினொன்றாம் மாதத்தில் கதை மாறியது. பசி இடைவெளி நீண்டது, பொறுமை சுருங்கியது. ஒன்றேகால் மணி நேரத்தில் சலித்து வளைகிறாள். திட உணவும் வந்துவிட்டதால் கையில் ஏதாவது கொடுத்துச் சமாளிக்கும் ஆசை வருகிறது. தொண்டையில் சிக்கினால் ஓடும் வண்டியில் உடனே தெரியாது என்பதால் அதையும் நிறுத்தத்துக்கே ஒத்திப்போடுகிறோம். இப்போது நிறுத்தத்தில் அவள் சாப்பிடுவது பத்து நிமிடம், மீதி நாற்பது நிமிடமும் தவழ்வதற்கே. பெரிய விரிப்பு ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது.