14,500 ரூபாய்க்கு நான் வாங்கிய ‘மலிங்கா’

கிரிக்கெட் வீரர்களின் நிழலுருவப் படங்களைச் சட்டமிட்டு விற்பவர்களிடம் பணம் கொடுக்க நினைப்பவர்கள் அதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். சென்ற ஆண்டு, சென்னையில் இரண்டு நாள் நடந்த ஓர் அச்சுப்பட விற்பனையில், 36 அங்குல உயரமுள்ள ஒரு படத்தை 14,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஆரஞ்சு நிற மாலை வானம். அதற்கு எதிரே முழுக் கறுப்பாக ஒரு பந்துவீச்சாளர். வீசும் கை தோளுக்குச் சற்றே மேலாகப் பக்கவாட்டில் விரிந்திருக்கிறது. படத்தின் கீழே ‘லசித் மலிங்கா’ என்றும், உடன் கொடுத்த சான்றிதழில் ‘வலைப்பயிற்சி முடிந்த மாலையில், மட்டையாளர் பக்கமிருந்து எடுக்கப்பட்டது’ என்றும் அச்சிட்டிருந்தார்கள். 2007இல் கயானாவில் தென்னாப்பிரிக்காவின் நான்கு விக்கெட்டுகளை அடுத்தடுத்த நான்கு பந்துகளில் சாய்த்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். அந்தக் கவண்கல் வீச்சை எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. ஏமாந்ததில் பாதிப் பங்கு அந்த நம்பிக்கைக்கு உண்டு.

படம் வரவேற்பறையில் மூன்று வாரம் தொங்கியது. டிவிஷன் லீக் ஆட்டங்களில் பல ஆண்டுகள் நடுவராக நின்ற என் தாய்மாமா ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே வெகுநேரம் பார்த்தார். “மாப்பிள்ளை, இவன் நம்மைப் பார்த்து ஓடி வருகிறானா, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறானா?” என்று கேட்டார். வருகிறான் என்றேன். “எனக்கு என்னவோ முதுகுதான் தெரிகிறது. நான் வாழ்நாளெல்லாம் பந்து போடுகிறவன் முதுகைப் பார்த்தே நின்றவன். இவன் இடக்கைக்காரன்” என்றார். சிரித்துக்கொண்டே மறுத்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மாமா கேட்டதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு. நிழலுருவத்தில் முகம், சட்டையின் எண், துணியின் மடிப்பு ஆகியவற்றோடு எது முன்னே இருக்கிறது, எது பின்னே இருக்கிறது என்ற தகவலும் போய்விடுகிறது. மார்பின் குறுக்கே ஒரு கை வந்தாலும், முதுகுக்குப் பின்னால் அதே கை இருந்தாலும், கறுப்போடு கறுப்பாகச் சேர்ந்துவிடும். தொலைவிலிருந்து எடுத்த படத்தில், நம்மை நோக்கி வரும் வலக்கைப் பந்துவீச்சாளரின் வெளிக்கோடும், நம்மை விட்டு விலகிப் போகும் இடக்கைப் பந்துவீச்சாளரின் வெளிக்கோடும் ஒன்றாகவே இருக்க முடியும். ஜப்பானிய வடிவமைப்பாளர் நொபுயுகி கயஹாரா 2003இல் உருவாக்கிய சுழலும் நடனப்பெண் உருவத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அவள் வலமாகச் சுற்றுவதாகச் சிலருக்கும் இடமாகச் சுற்றுவதாகச் சிலருக்கும் தெரிவதற்குக் காரணமும் இதுவே. இரண்டில் எது என்று தீர்மானிக்கத் தேவையான செய்தி உருவத்தில் இல்லாதபோது, கண் தன் விருப்பப்படி ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. என் விஷயத்தில் கீழே அச்சிட்டிருந்த பெயர் அந்தத் தேர்வைச் செய்து முடித்துவிட்டது.

ஆனால் என் படத்தில் ஒரு துப்பு தப்பியிருந்தது. வீரரின் அருகே மூன்று ஸ்டம்புகள் இருந்தன. ஆடுகளத்தின் மேற்பரப்பு மாலை ஒளியில் மினுங்கியதால் ஸ்டம்புகளின் அடியும் காலணியின் அடியும் தனித்தனியாகத் தெரிந்தன. பந்தை விடும் நேரத்தில் பந்துவீச்சாளரின் முன்கால், ஸ்டம்புகளிலிருந்து 4 அடி, அதாவது 1.22 மீட்டர் தள்ளியுள்ள பாப்பிங் கிரீஸை ஒட்டி ஊன்றும். கேமரா மட்டையாளர் பக்கம் இருந்தால் ஸ்டம்பைவிட அந்தக் கால் நமக்கு அருகில் இருக்கும். சமதரையில் அருகில் இருப்பது படத்தில் சற்றுக் கீழே விழும். கேமரா நடுவர் பக்கம் இருந்தால் ஸ்டம்பின் அடிதான் கீழே இருக்கும். கேமரா 60 மீட்டர் தொலைவில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்ததாக வைத்துக்கொண்டால், அச்சில் 40 சென்டிமீட்டர் உயரமுள்ள உருவத்துக்கு இந்த வேறுபாடு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரும். சட்டத்தைக் கழற்றி, அடிக்கோலை வைத்து அளந்தேன். ஸ்டம்பின் அடி, ஊன்றிய காலின் அடியைவிட 6 மில்லிமீட்டர் கீழே இருந்தது. உயர்ந்த கையோ படத்தின் இடப்பக்கத்தில் இருக்கிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது வீரரின் இடப்பக்கமும் நம் இடப்பக்கமும் ஒன்று என்பதால், அவர் மாமா சொன்னபடி இடக்கைப் பந்துவீச்சாளர், மலிங்காவோ வலக்கைக்காரர்.

இந்த அளவைக்கும் ஓர் எல்லை உண்டு. நிழலுருவம் எடுப்பவர்கள் பெரும்பாலும் தரையோடு தரையாகப் படுத்துத்தான் எடுப்பார்கள். அப்போதுதான் உருவம் முழுவதும் வானத்தின் மேல் விழும். கேமரா 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த 7 மில்லிமீட்டர் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிப் புல்லில் மறைந்துவிடும். எனக்குக் கிடைத்த துப்பு எல்லாப் படத்திலும் கிடைக்காது.

விற்றவரைத் தொலைபேசியில் அழைத்து இதை விளக்கினேன். சிறிதும் தயங்காமல், “அழகுக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பியிருப்பார்கள் சார்” என்றார். உண்மையில் அது நடக்கக்கூடியதுதான். எழுத்தோ எண்ணோ தெரியாத படத்தைத் திருப்பிப் போட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் திருப்பியது உண்மையென்றால், மட்டையாளர் பக்கமிருந்து எடுத்தது என்று சான்றிதழில் எழுதியது பொய்யாகிறது. திருப்பவில்லை என்றால் பெயர் பொய்யாகிறது. எது பொய் என்று அவரையே தேர்ந்துகொள்ளச் சொன்னேன். கலைப்படைப்புகளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்.

சரி, இவர் வலக்கைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது இது மலிங்கா ஆகுமா? தாழ்ந்த கை வீச்சு அவர் ஒருவருக்கே உரியது என்ற காலம் போய்விட்டது. சென்னை அணிக்கு ஆடி நமக்குப் பழக்கமான மதீஷ பதிரானாவும், மும்பைக்கு ஆடிய நுவன் துஷாராவும் அதே பாணியில் வலக்கையால் வீசுகிறவர்கள், இருவரும் இலங்கைக்காரர்கள். மஞ்சள் சட்டையா நீலச் சட்டையா என்பதும் கறுப்பில் தெரியாது. மலிங்காவை உடனே காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் அந்தச் சுருள்முடிதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். என் படத்தில் இருப்பவரின் தலையில் தொப்பி.

கை தாழ்ந்திருப்பதே உண்மையா என்பதும் கேள்விதான். தோளைச் சார்ந்து வேகப் பந்துவீச்சாளரின் கை வினாடிக்கு 25 மீட்டர் அளவில் நகர்கிறது என்று கொண்டால், நூறில் ஒரு வினாடியில் அது 25 சென்டிமீட்டர் போய்விடும். முக்கால் மீட்டர் நீளமுள்ள கைக்கு அது ஏறத்தாழ 19 டிகிரி திருப்பம். வினாடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவிலும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நூறில் ஐந்து வினாடி இடைவெளி இருப்பதால், பந்து விரலை விட்டுப் பிரியும் அந்தக் கணம் அகப்படுவது அதிர்ஷ்டம். பக்கவாட்டிலிருந்தோ சாய்கோணத்திலிருந்தோ எடுக்கும்போது, காதை உரசிக் கையைக் கொண்டுவரும் பந்துவீச்சாளர்கூட நூறில் இரண்டு வினாடி முன்னால் பிடிபட்டால் தாழ்ந்த கைக்காரராகத் தோன்றுவார். என் படத்தில் பந்து கையில் இருக்கிறதா, போய்விட்டதா என்பதும் தெரியவில்லை. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு முடிச்சு மட்டுமே இருக்கிறது.

கையின் வளைவும் அப்படியே. 70 சென்டிமீட்டர் கையைக் கேமராவை நோக்கி 60 டிகிரி சாய்த்தால் படத்தில் 35 சென்டிமீட்டர்தான் தெரியும். அந்தக் குட்டைக் கையைப் பார்ப்பவர் முழங்கை மடங்கியிருப்பதாக நினைப்பார். மறுபுறம், உண்மையில் மடங்கிய முழங்கை, மடிப்பின் தளம் நம் பார்வைக்கு நேராக அமைந்தால் நீட்டிய கையாகத் தெரியும். முத்தையா முரளிதரனின் கையைப் பற்றிய நீண்ட சண்டையில் இதற்கும் பங்கு உண்டு. 1995 டிசம்பர் 26இல் மெல்பர்னில் நடுவர் டேரல் ஹேர் அவருக்கு ஏழு முறை நோபால் கொடுத்தார். பிறவியிலேயே முழுதாக நிமிராத அந்தக் கையை, பல கேமராக்களை வைத்து முப்பரிமாணத்தில் அளந்த பிறகுதான் பேச்சு ஓரளவு நிதானத்துக்கு வந்தது. வண்ணத்தில், அசையும் படத்தில் பார்த்தபோதே அவ்வளவு குழப்பம்.

பும்ராவை ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். தத்தித் தத்தி வரும் அந்தக் குறுகிய ஓட்டத்தைப் பார்த்தால் நானும் சொல்லிவிடுவேன். அது அசைவில் இருக்கும் அடையாளம். ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973இல், மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி இருட்டில் மனிதர்களை நடக்கவிட்டுக் காட்டினார். புள்ளிகள் அசைந்ததும் மனிதன் நடப்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. அசைவை நிறுத்தியதும் வெறும் புள்ளிக்கூட்டமே மிஞ்சியது. பந்துவீச்சு ஆக்‌ஷன் என்று நாம் சொல்வதும் ஓர் அசைவின் பெயர். சட்டத்துக்குள் விற்பது அதில் வெட்டியெடுத்த ஒரு துண்டு. அலுவலகத்தில் ஆறு பேரிடம் பெயரை மறைத்துப் படத்தைக் காட்டினேன். இருவர் மலிங்கா என்றார்கள், ஒருவர் பதிரானா என்றார், மூவர் சொல்ல மறுத்துவிட்டார்கள். பெயரைத் திறந்து காட்டியதும் ஆறு பேரும் “ஆமாம், அவரேதான்” என்றார்கள்.

நான் விடாமல் நச்சரித்ததால், விற்றவர் வேறொரு படத்தை மாற்றித் தருவதாகச் சொன்னார்: ‘சந்தர்பால் நிற்கும் தோரணை’. பந்துவீச்சாளருக்கு மார்பைக் காட்டி நிற்கும் அந்த இடக்கை மட்டையாளரின் நிலை யாருக்கும் மறக்காது என்பது அவர் வாதம். அந்த நிலை பந்து வருவதற்கு முன் சிறிது நேரம் மட்டுமே நீடிக்கும்; பந்து வந்து சேர்வதற்குள் அவர் நகர்ந்து பக்கவாட்டுக்குத் திரும்பி, மற்ற மட்டையாளர்களைப் போலவே நின்றுவிடுவார். அதைச் சரியான கணத்தில் பிடித்திருந்தாலும், நேர்முன்னாலிருந்து பார்க்கும்போது கைகளும் மட்டைப் பிடியும் உடலின் கறுப்புக்குள் அடங்கிவிடும். எந்தக் கை மேலே என்று தெரியாதபோது, இடக்கையாளர் என்பதற்கே ஆதாரமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், பணம் கொடுக்குமுன், திருத்தாத மூலக் கோப்பையும், அதே பந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் கேளுங்கள். மூலக் கோப்பில் எடுத்த தேதி இருக்கும். கறுப்பைச் சற்று வெளுப்பாக்கினால் சட்டையின் எண்ணோ முகமோ பெரும்பாலும் எழும்பி வரும். தொடர்படங்களில் அவர் வருகிறாரா போகிறாரா என்பது சந்தேகமில்லாமல் தெரியும். நான் கேட்டபோது அச்சுக் கோப்பு மட்டுமே தன்னிடம் இருப்பதாக விற்றவர் சொன்னார். எடுத்தவர் யார் என்பதையும் சொல்லவில்லை.

படம் இப்போது பீரோவுக்குப் பின்னால் துணி சுற்றிக் கிடக்கிறது. சென்ற மாதம் அதே விற்பனையாளரின் புதிய பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. அதே வானம், அதே தொப்பி, அதே மூன்று ஸ்டம்புகள். இடவலமாகத் திருப்பப்பட்ட அந்தப் படத்தின் கீழே ‘மிட்செல் ஜான்சன்’ என்று எழுதி, விலையை 16,000 ஆக்கியிருந்தார்கள்.