சார்ஜ் ஏறவில்லையா, நிற்கவில்லையா? ஒரே போனில் நாலு வருஷ அனுபவம்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் மீன் வியாபாரம் எனக்கு. படகு கரை சேரும் விடியற்காலையிலிருந்து லாரி கிளம்பும் வரை போன் கையில்தான் இருக்கும், அதுவும் ஐஸ் தண்ணியும் உப்பும் பட்ட கையில். 2021 கடைசியில் வாங்கிய 5000 எம்ஏஎச் பேட்டரி போன், கூடவே 18 வாட் சார்ஜர். இந்தப் போன் இரண்டு தடவை "மெதுவாக சார்ஜ் ஏறுது" என்று என்னைப் படுத்தியது. முதல் தடவை கேபிளும் போர்ட்டும் காரணம், இரண்டாவது தடவை பேட்டரி. இரண்டாவது தடவை நான் முதல் தடவை கற்ற பாடத்தையே பிடித்துக்கொண்டு ஒரு சார்ஜரும் இரண்டு கேபிளும் வாங்கிப் பணத்தை விட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் "சார்ஜ் ஏற மாட்டேங்குது" என்போம், "சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்றும் சொல்வோம். இரண்டும் வேற வேற புகார், ஆனால் கடையில் போய் நிற்கும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். ஏறுவதுதான் மெதுவு, ஏறினது நாள் முழுக்க நிற்கிறது என்றால் பேட்டரியை முதலில் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஏறுவதும் மெதுவு, நிற்பதும் இல்லை என்றால் அப்போது பேட்டரி பக்கம் திரும்பலாம்.

முதல் தடவை, 2023 கோடை. ராத்திரி போட்டால் காலையில் 70 சதவீதம்தான். வீட்டில் எல்லாரும் லோ வோல்டேஜ் மேல் பழி போட்டார்கள். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இன்புட் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும், நம் ஊரில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிற அளவு குறைந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். சரி, அது இல்லை. அப்போது என் மச்சான் சொல்லிக் கொடுத்த சோதனையைத்தான் இன்றுவரை செய்கிறேன்.

போன் 20 சதவீதம் வரும்வரை விட்டு, ஏரோப்ளேன் மோடில் போட்டு, பின்கவரைக் கழற்றி, காலையில் வெயில் ஏறும் முன் ஃபேனுக்குக் கீழ் வைத்து, சரியாக 30 நிமிஷம் சார்ஜ் போட வேண்டும். எத்தனை சதவீதம் ஏறியது என்று எழுதிக்கொள்ளுங்கள். மத்தியானம் செய்தால் கணக்கு தப்பாக வரும், சூடான போன் தானாகவே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரே ஒரு பொருளை மாற்றி மறுபடி அதே 20-இலிருந்து 30 நிமிஷம். முதலில் கேபிள், பிறகு சார்ஜர். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும்.

என் போன் 20-இலிருந்து 29-க்குத்தான் போனது. 9 சதவீதம் என்றால் சுமார் 450 எம்ஏஎச், அரை மணி நேரத்தில் அவ்வளவு என்றால் பேட்டரிக்குள் போவது 1 ஆம்பியருக்கும் கீழே. 18 வாட் சார்ஜர் பழைய காலத்துச் சின்ன சார்ஜர் மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தது. மனைவியின் போன் கேபிளைப் போட்டதும் 20-இலிருந்து 38. முன்னேற்றம், ஆனால் முழுசாக இல்லை. அப்போதுதான் தற்செயலாகக் கேபிளின் டைப்-சி முனையைத் திருப்பிப் போட்டேன், பூட்டுத்திரையில் "Charging slowly" போய் "Charging rapidly" வந்தது! ஒரு பக்கம் போட்டால் வேகம், திருப்பிப் போட்டால் மெதுவு என்றால் அது பேட்டரியாக இருக்கவே முடியாது, பேட்டரிக்கு எந்தப் பக்கம் செருகினோம் என்று தெரியாது. போர்ட்டுக்குள் வேகத்தைப் பேசி முடிவு செய்யும் சின்னத் தொடுமுனை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி, என் போனில் ஒன்றில் உப்பு ஏறியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி அழுக்கு, பழைய கேபிள் முனையில் பச்சை படிந்திருந்தது. கடற்கரையில் இருக்கிறவர்கள் அந்தப் பச்சையை முதலில் தேடுங்கள்.

போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக வழித்து எடுத்தேன். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம், நம் மூச்சில் ஈரம் இருக்கிறது. பச்சை படிந்த கேபிள் குப்பைக்குப் போனது. புதுக் கேபிளில் 20-இலிருந்து 50, எந்தப் பக்கம் செருகினாலும்.

இரண்டாவது தடவை 2025 ஆனியில். "இரண்டு மணி நேரம் ஆகியும் நிறையலை" என்றதும் கேபிள்தான் என்று முடிவு கட்டி வாங்கினேன், மாறவில்லை, சார்ஜர் வாங்கினேன், மாறவில்லை. பிறகு வெட்கத்தோடு நோட்டை எடுத்து அரை மணி சோதனையைச் செய்தால், 20-இலிருந்து 51! அப்படியானால் மெதுவு எங்கே? 70-க்கு மேல். 75-இலிருந்து 100 வர ஒன்றேகால் மணி நேரம், முன்பு முக்கால் மணிகூட ஆகாது.

எங்கள் ஊர் உப்புத் தண்ணிக் குழாய் மாதிரிதான் இது. வெளியே பார்த்தால் அதே குழாய், உள்ளே படிந்து வழி சுருங்கியிருக்கும். பேட்டரி தேய்ந்தால் உள்ளே தடை கூடுகிறது. சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தடையாலேயே வோல்டேஜ் சீக்கிரம் உச்சத்தைத் தொட்டுவிடும், தொட்டதும் போன் கரண்டைப் படிப்படியாகக் குறைக்கும், மிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். எல்லா பேட்டரியும் கடைசியில் மெதுவாகத்தான் ஏறும், அந்தக் கடைசி எங்கே தொடங்குகிறது என்பதுதான் விஷயம். இறங்கும்போதும் அதே தடை. ஏல நேரத்தில் போன் பேசிக்கொண்டிருக்கும்போது 18 சதவீதத்தில் பட்டென்று அணைந்தது, சார்ஜர் மாட்டியதும் 24 என்று காட்டியது. கேபிள் பழுதால் இப்படி ஆகாது, போன் பேசும்போது கேபிளே மாட்டவில்லையே. காலையில் 100-ஓடு கிளம்பினால் மத்தியானம் 35.

இன்னொரு குழப்பமும் உண்டு. பேட்டரி தேய்ந்தால் கொள்ளளவு குறையும், அதனால் ஒவ்வொரு சதவீதமும் சின்னதாகிவிடும், கீழ்ப்பகுதியில் எண் முன்பைவிட வேகமாகவே ஏறலாம். "நல்லாத்தானே ஏறுது" என்று ஏமாறாதீர்கள், இறங்குவதையும் பாருங்கள். ரொம்பத் தேய்ந்த பேட்டரி கீழேயிருந்தே சூடாகி மெதுவாகும், அப்போது 30 நிமிஷ சோதனை மட்டும் போதாது, வேறொரு நல்ல போனை அதே சார்ஜர், கேபிளில் போட்டுப் பாருங்கள். அது வேகமாக ஏறினால் வெளியே பழுதில்லை, உங்கள் போன்தான், அதில் போர்ட்டா பேட்டரியா என்பதைக் கேபிள் முனையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதும், ஏறின சார்ஜ் நிற்கிறதா என்பதும் சொல்லிவிடும். 80-இல் அப்படியே நின்றுவிடுகிறது என்றால் செட்டிங்ஸில் பேட்டரி பாதுகாப்பு ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள், பல பேருக்கு அதுதான். பின்பக்கம் லேசாக எழும்பியிருந்தாலோ திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம், சார்ஜே போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

ராமநாதபுரத்தில் 1,400 ரூபாய்க்குப் பேட்டரி மாற்றினேன். கழற்றியதை மேசையில் வைத்தபோது தட்டையாக இல்லை, நடுவில் லேசாகத் தூக்கியிருந்தது, விரலால் தட்டினால் ஆடியது. நல்லவேளை, இன்னும் ஒரு கோடையை அதோடு ஓட்டவில்லை. இப்போது 75-இலிருந்து 100 வர 40 நிமிஷம், சாயங்காலம் லாரி போன பிறகும் 45 சதவீதம் மிச்சம். வீணாக வாங்கிய கேபிளில் ஒன்று மச்சானிடம் போனது, அவர் போனும் மெதுவாம். திருப்பிப் போட்டுப் பாருங்க மச்சான் என்றேன், இன்னும் பதில் வரவில்லை.