'எஸ்.என்.எம்.பி. உண்டு' என்று சொன்னதை நம்பி 12 ஸ்விட்சுக்குப் பணம் கட்டி ஏமாந்தேன்

இன்று காலைதான் கடையின் கடைசிப் பதிலும் வந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். 12 நெட்வொர்க் ஸ்விட்சுக்கான முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியிருக்கிறேன். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவராவது தப்பிக்கட்டும்.

பழைய நெட்வொர்க் சாதனங்களைப் புதுப்பித்து இணையத்தில் விற்கும் கடை அது. விவரப் பக்கத்தில் 'எஸ்.என்.எம்.பி. மூன்று பதிப்புகளும், ஜிகாபிட் போர்ட்டுகள்' என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். எஸ்.என்.எம்.பி. என்பது நெட்வொர்க் சாதனங்களைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் நெறிமுறை, எனக்கு வேண்டியதும் அதுதான். ஒவ்வொரு ஸ்விட்சிலும் இருக்கும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளிடம், என் கண்காணிப்பு மென்பொருளான மேனேஜர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்க வேண்டும், எந்த லிங்க் நிரம்புகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வாங்குவதற்கு முன் வீடியோ அழைப்பில் செய்து காட்டச் சொன்னேன். காட்டினார்கள். கட்டளை ஓடியது, மதிப்புகள் வரிசையாக வந்து விழுந்தன, கிராஃப் 40 மெகாபிட்டில் அழகாக ஏறி இறங்கியது. "பார்த்தீர்களா சார், எல்லாம் வேலை செய்கிறது" என்றார் அந்த விற்பனையாளர். அந்த இடத்தில்தான் நம்பிவிட்டேன். அவர் சோதித்தது 100 மெகாபிட் போர்ட்டில். கட்டளையில் முதல் பதிப்பைக் குறிக்கும் `-v1` இருந்தது என் கண்ணிலும் பட்டது. ஏன் என்று கேட்காமல் அன்று மாலையே பணத்தை அனுப்பினேன்.

பொருத்திய முதல் வாரமே பயனர்கள் வேகம் இல்லை என்றார்கள். கிராஃபோ எந்த ஜிகாபிட் லிங்கும் 115 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்றது. சந்தேகப்பட்டு 80 ஜிகாபைட் கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பார்த்தேன். 12 நிமிடத்தில் முடிந்தது, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 890 மெகாபிட். கிராஃப் காட்டியதோ 87!

காரணம் இதுதான். ஏஜென்ட்டிடம் கேட்கக்கூடிய மதிப்புகளின் பட்டியலான மிப்பில், போர்ட்டுக்குள் வரும் பைட்டை எண்ணும் ifInOctets என்ற கவுன்ட்டர் 32 பிட். 4,294,967,295 பைட் வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முழு வேகத்தில் ஓடும் 100 மெகாபிட் போர்ட்டில் அதற்கு 343 நொடி ஆகும். 5 நிமிட இடைவெளிக்குள் ஒரு முறைக்கு மேல் சுற்றாது என்பதால் மேனேஜர் சரிசெய்துகொள்ளும். ஜிகாபிட்டில் 34 நொடிதான். 5 நிமிடத்தில் ஏழெட்டு முறை சுற்றிவிடும், எத்தனை முறை என்று மேனேஜருக்குத் தெரிய வழியே இல்லை. ஒரு சுற்றுக்குள் அடங்கும் பைட்டை 300 நொடியால் வகுத்தால் வருவது 114.5 மெகாபிட். கிராஃப் முட்டி நின்ற உயரம் அதுவே.

இதற்காகத்தான் 64 பிட்டில் ifHCInOctets இருக்கிறது. இவ்வளவு வேகமான போர்ட்டுக்கு அது கட்டாயம் என்று இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 2863 சொல்கிறது. ஆனால் எஸ்.என்.எம்.பி. முதல் பதிப்பில் 64 பிட் கவுன்ட்டர் என்ற வகையே கிடையாது. 2சி பதிப்பில் கேட்டுப் பார்த்தேன்:

```
snmpget -v2c -c public 10.0.0.5 IF-MIB::ifHCInOctets.1
Timeout: No Response from 10.0.0.5.
```

கடவுச்சொல் போலப் பயன்படும் அதே கம்யூனிட்டி பெயரோடு `-v1` போட்டு, சாதனத்தின் விவரமான sysDescr கேட்டால் உடனே பதில் வருகிறது. ஆக, ஏஜென்ட் உயிரோடுதான் இருக்கிறது, அதற்கு முதல் பதிப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. 12 ஸ்விட்சிலும் இதே கதை.

கடைக்கு எழுதினேன். முதலில் "உங்கள் மேனேஜர் மென்பொருள் கோளாறு" என்றார்கள். அப்புறம் "ஃபர்ம்வேர் வரும்" என்றார்கள். பத்து நாள் காத்தேன், அந்த மாடலுக்குப் புது ஃபர்ம்வேரே இல்லை. பிறகு "30 நொடிக்கு ஒருமுறை கேளுங்கள்" என்றார்கள். அதையும் செய்தேன். ஒரு ஸ்விட்சில் 48 போர்ட், ஏஜென்ட் திணறிப் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தரவில்லை. ஒரு பதில் தவறினாலே இடைவெளி 60 நொடி ஆகிவிடும், கணக்கு மறுபடி பொய். கடைசியாக இன்று, "எஸ்.என்.எம்.பி. வேலை செய்கிறதே, பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது." மூன்று பதிப்புகளும் என்று எழுதியிருந்தது பற்றிக் கேட்டால் பதில் இல்லை. 12 ஸ்விட்சின் பணம், முழுதாக!

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தை. மேலே உள்ள கட்டளையை நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலில், ஜிகாபிட் போர்ட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எண் வந்தால் சரி. Timeout அல்லது No Such Object வந்தால் விட்டுவிடுங்கள். கிராஃபைக் காட்டினால் நம்பாதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டவே கட்டாதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் 115 மெகாபிட்டுக்கு மேல் ஏறாத கிராஃப் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.