வித்தியாசம் 10,000 ரூபாய்தான் என்றால் நம்பிவிடாதீர்கள்

சின்ன வியாபாரம் செய்பவர்கள், ஜிஎஸ்டி கணக்கை வெளியே ஒரு அலுவலகத்தில் கொடுத்துச் செய்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். எங்களுடையது போல்ட், நட் மொத்த வியாபாரம். எல்லாச் சரக்குக்கும் 18 சதவீத வரி. கணக்கு எழுதுவது, மாதாமாதம் ரிட்டர்ன் போடுவது, ஆண்டு முடிவில் லெட்ஜரையும் ரிட்டர்னையும் ஒத்துப் பார்ப்பது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒரு அலுவலகத்துக்குக் கட்டணம் கொடுத்தோம்.

2023-24க்கு அவர்கள் கொடுத்த தாளில் இரண்டே எண்கள் இருந்தன. லெட்ஜர்படி கிரெடிட் நோட் போக விற்பனை 80,80,000. ரிட்டர்ன்படி 80,90,000. "பத்தாயிரம் கூடவே காட்டியிருக்கோம் சார், வரி 1,800 தான். யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்கள். போர்ட்டலில் பில் வாரியான விற்பனை ரிட்டர்ன் GSTR-1-ம், வரி கட்டும் ரிட்டர்ன் GSTR-3B-யும் ஒன்றாக இருக்கின்றன என்று அதையும் திறந்து காட்டினார்கள்.

2024 டிசம்பரில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கரிடமிருந்து போன் வந்தது. "உங்க மார்ச் பில் ரெண்டும் எங்க 2B-ல கடைசி வரைக்கும் வரலை. அந்த வரியைப் பிடிச்சுட்டுத்தான் பணம் அனுப்புவோம்." வாங்கியவர் எந்தெந்த பில்லுக்கு வரி எடுக்கலாம் என்று போர்ட்டல் காட்டும் பட்டியல்தான் 2B. அப்புறம் வேறொரு கணக்கரை உட்காரவைத்து ஒவ்வொரு பில்லாகப் பார்த்தோம்.

மார்ச் கடைசியில் போன அந்த இரண்டு பில்லின் நகலும், கெடுவான ஏப்ரல் 11-க்கு முன்பே அலுவலகத்துக்குப் போய்விட்டது. அவர்களோ அதற்கும் முன்னாலேயே மார்ச் GSTR-1-ஐப் போட்டு முடித்திருந்தார்கள். பிறகு வந்த பில்களை லெட்ஜரில் மார்ச் தேதியிலேயே ஏற்றிவிட்டு, அடுத்த மாத ரிட்டர்னில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். மதிப்பு 2,50,000, வரி 45,000.

இன்னொரு பக்கம், ஜனவரியில் திரும்பி வந்த சரக்குக்கு 2,60,000 மதிப்பில் கிரெடிட் நோட் கொடுத்திருந்தோம். டேலியில் அதை கிரெடிட் நோட் வவுச்சராகப் போடாமல் ஜர்னலில் போட்டிருக்கிறார்கள். லெட்ஜரில் விற்பனை குறைந்துவிட்டது. ஆனால் அப்படிப் போட்ட பதிவு GSTR-1-க்கான பட்டியலில் தானாக வந்து சேராது, கிரெடிட் நோட்டுகளுக்கான 9B அட்டவணையில் அந்த நோட்டுகளே இல்லை. இதற்கான வரி 46,800.

ஆக, ஒரு தவறு ரிட்டர்னை 2,50,000 குறைத்தது, இன்னொன்று 2,60,000 கூட்டியது. மிஞ்சித் தெரிந்தது அந்த 10,000 மட்டும். போர்ட்டல் ஏன் எச்சரிக்கவில்லை என்றால், GSTR-3B-யை அதே GSTR-1-ஐ வைத்துத்தான் போட்டார்கள். இரண்டிலும் ஒரே ஓட்டை இருந்தால் இரண்டும் ஒத்துத்தான் போகும். நம் லெட்ஜர் போர்ட்டலுக்குத் தெரியாது.

நவம்பருக்குள் தெரிந்திருந்தால் இரண்டையும் சரிசெய்திருக்கலாம். ஒரு நிதியாண்டின் விடுபட்ட பில்லை ரிட்டர்னில் சேர்க்கவும், கிரெடிட் நோட்டுக்கு வரியைக் குறைக்கவும் அடுத்த நவம்பர் 30 வரைதான் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அந்தத் தேதியோடு சரி. வாங்கியவர் உள்ளீட்டு வரி எடுப்பதற்கும் இதே கெடுதான். அது தாண்டியதால் 45,000-ஐ நாமே முன்வந்து வரி கட்டும் DRC-03 படிவம் மூலம் கட்டினோம், ஆண்டுக்கு 18 சதவீதம் கணக்கில் வட்டி சுமார் 5,400 சேர்ந்தது. வாடிக்கையாளர் இன்னொரு 45,000-ஐப் பிடித்துக்கொண்டார். கிரெடிட் நோட்டின் 46,800 திரும்பாது. கட்டியே ஆகவேண்டிய வரியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் நட்டம் 97,200.

அலுவலகத்தில் கேட்டால், "ரிட்டர்ன் போட ஓடிபி நீங்கதானே சார் சொன்னீங்க" என்கிறார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஒத்துப் பார்த்ததாகத் தாளும் கொடுத்தவர்கள் இப்படிச் சொல்வது அநியாயம். ஒத்துப் பார்ப்பது என்றால் இரண்டு மொத்தங்களைக் கழிப்பதா?

பில் எண் வாரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். போர்ட்டலிலிருந்து பன்னிரண்டு மாத GSTR-1-ஐ இறக்கி, பில் எண்களையும் கிரெடிட் நோட் எண்களையும் எக்ஸெலில் `GSTR1` என்ற தாளின் A பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். லெட்ஜர் எண்கள் வேறொரு தாளின் B பத்தியில் இருந்தால், பக்கத்தில் இதைப் போட்டு கீழே வரை இழுங்கள்:

```
=COUNTIF(GSTR1!A:A,B2)
```

0 வந்தால் அந்த ஆண்டு ரிட்டர்னில் இல்லை. மார்ச் பில்லாக இருந்தால் அடுத்த ஆண்டின் ஏப்ரல், மே ரிட்டர்னிலும் தேடுங்கள். அங்கே இருந்தால் அது காலம் தள்ளிய வித்தியாசம், எந்த மாதம் என்று எழுதி வையுங்கள், தாமதத்துக்கு வட்டி கட்டியாகிவிட்டதா என்றும் கேளுங்கள். எங்கேயும் இல்லையென்றால் அது விடுபட்ட பில். இதையே திருப்பிப் போட்டு, ரிட்டர்னில் இருந்து லெட்ஜரில் இல்லாதவற்றையும் பாருங்கள். பில் எண்ணை ஒரு இடத்தில் INV-041 என்றும் இன்னொரு இடத்தில் INV-41 என்றும் எழுதியிருந்தால் பொய்யாக 0 காட்டக்கூடும், அதைக் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், விற்பனை லெட்ஜரைத் திறந்து அதில் ஜர்னல் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். ஒன்று இருந்தாலும் அதற்கான கிரெடிட் நோட் 9B-யில் ஏறியிருக்கிறதா என்று எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பட்டியலை அக்டோபரிலேயே கேட்டு வாங்குங்கள், திருத்த ஒரு மாதமாவது கையில் இருக்கும்.